எண்பத்தொரு வீதம்

யசிந்தாவின் முகத்தை அவளுடைய முகநூல் பக்கத்தில் மூன்று வருடமாக யாரும் பார்த்ததில்லை. அங்கே தெரிவது இரண்டு கைகள் மட்டும்தான். உயிருள்ள நண்டை முதுகுப்பக்கமாகப் பிடித்து, வயிற்று மடலுக்குக் கீழே கத்தி நுனியை இறக்கி, ஒரே நெம்பில் ஓட்டைப் பெயர்த்தெடுக்கும் கைகள். இடது மணிக்கட்டில் ஒரு நீளமான தழும்பு இருக்கும். மீன் முள் கிழித்தது என்று பார்ப்பவர்கள் நினைத்தார்கள். அவளுக்குப் பதினேழு வயதில், மாதா கோவில் திருநாளில் கொன்ஸ்ரன்ரைனோடு நின்று கதைத்ததற்காக, அவளுடைய அண்ணன் அன்ரனி இடுப்புப் பட்டியால் அடித்த அடி அது. பட்டியின் கொழுக்கி சதைக்குள் போய்விட்டது.

கொன்ஸ்ரன்ரைனைத்தான் பிறகு கட்டினாள். அன்ரனியின் வீட்டுக்குப் பக்கத்து வளவில்தான் சீதன வீடு. இரண்டுக்கும் நடுவில் தகர வேலி. அதில் போக வர ஒரு படலை. அந்தப் படலைக்கு அன்ரனியின் பக்கம் மட்டும்தான் கொழுக்கி இருந்தது. பள்ளிமுனையில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் அதைப்பற்றிக் கதைத்ததில்லை.

கொன்ஸ்ரன்ரைன் கட்டாருக்குக் கட்டட வேலைக்குப் போன பிறகுதான் வீடியோ தொடங்கியது. வெள்ளிக்கிழமை லீவில் அறையில் ஆறு பேர் சேர்ந்து நண்டு வாங்கியிருந்தார்கள். அதை எப்படி உடைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடற்கரையில் பிறந்தவர்கள்தான், ஆனால் நண்டை வலையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்களே தவிர ஒருநாளும் சட்டிக்குள் போட்டதில்லை. யசிந்தா மா போட்டு வைக்கும் தகர ரின் ஒன்றில் போனைச் சாத்தி வைத்து, எடுத்து அனுப்பினாள். அதை அறையில் இருந்த டிலுக்சன் அடுத்த அறைக்கு அனுப்பினான். டிலுக்சன் எங்கள் தெரு மார்த்தாவின் இளைய மகன். மூன்று வருடத்தில் அது ஒரு பக்கமாகி, நாற்பத்தாறாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். முகம் காட்டக் கூடாது, குரல் கேட்கக் கூடாது என்பது அன்ரனி வைத்த சட்டம். குரல் விஷயத்தில் அவன் போகப் போக விட்டுவிட்டான்.

சென்ற வருடம் வவுனியாவில் உள்ள ஒரு தூள் கம்பனியிலிருந்து லக்சிகா என்ற பெண் அழைத்தாள். ஒரு சமையலுக்கு ஒரு சின்னப் பைக்கற் என்று நண்டுக்கறித்தூள், மீன்கறித்தூள் போடப்போகிறார்களாம். வெளிநாட்டுக்கும் அனுப்புவார்களாம். யசிந்தாவைப் போலப் பக்கம் நடத்துகிற ஏழு பேரைக் கேட்டிருக்கிறார்கள், ஒருவரைத்தான் எடுப்பார்கள். அதற்கு ஒரு மீடியா கிட் வேண்டும். அது என்னவென்று யசிந்தா கேட்டாள்.

“ஒரு பக்கத்தில உங்களைப்பற்றி எழுதுறது அக்கா. நீங்கள் ஆர், என்ன மாதிரி வீடியோ செய்யிறீங்கள், அதைப் பாக்கிறது ஆர். புளுகு வேண்டாம். எங்கட முதலாளி முதல் வரியில ‘முன்னணி நட்சத்திரம்’ எண்டு கண்டாலே மூடி வச்சிடுவார். முகம் தெரியிற ஒரு படமும் போடுங்கோ.”

யசிந்தாவுக்கு அந்த வேலை வேண்டும். கொன்ஸ்ரன்ரைன் திரும்பி வருவதற்கும், மகள் மதுஷிகாவை வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கும், அந்தப் படலை இல்லாத ஒரு வளவில் குடியிருப்பதற்கும் அவளிடம் இருந்த ஒரே வழி அதுதான். அதை அவள் என்னிடம் பிறகு சொன்னாள். அப்போது ஒருவரிடமும் சொல்லவில்லை.

பட்டினத்தில் வஸீர் நானாவின் கொமினிக்கேசன் கடைக்குப் போனாள். எருக்கலம்பிட்டி ஆள், கல்யாணக் காட் முதல் மரண அறிவித்தல் வரை எல்லாம் அங்கேதான் அடிப்பார்கள். அவர் முதலில் தன் பாட்டில் ஒன்று அடித்தார். ‘குடும்பப் பெண்களின் மனம் கவர்ந்த சமையலரசி’ என்று தொடங்கியது. யசிந்தா போனைத் திறந்து பக்கத்தின் புள்ளிவிவரத்தைக் காட்டினாள். கடந்த இருபத்தெட்டு நாள். ஆண், பெண் என்று இரண்டு நிறக் கோடுகள். ஆண் கோடு அநேகமாக முழுப் பக்கத்துக்கும் ஓடியது.

வஸீர் நானா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். “தங்கச்சி, தூள் வாங்குறது பொம்பிளையள். பொம்பிளையள் எண்டு போடுவம். ஆர் எண்ணிப் பாக்கிறது?”

“எண்ணினது இதில கிடக்குதே நானா. இந்தப் படத்தையும் சேத்து அனுப்பச் சொல்லியிருக்கினம். அவையள் ஆம்பிளையள்தான். அவையள்தான் சமைக்கினம். அதைத்தானே நான் செய்யிறன்.”

பிறகு அவள் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். அந்தத் தாளில் இப்படி இருந்தது:

‘என் பெயர் யசிந்தா கொன்ஸ்ரன்ரைன். மன்னார், பள்ளிமுனையில் இருக்கிறேன். நண்டு, மீன், இறால், கணவாய் இவற்றைத் துப்புரவாக்கி, ஒரு அடுப்பில் ஒரு சட்டியில் சமைப்பது எப்படி என்று காட்டுகிறேன். வேறு சமையல் செய்வதில்லை. பின்தொடர்பவர்கள் 46,200. இவர்களில் எண்பத்தொரு வீதம் ஆண்கள், அதிகமானோர் இருபத்தைந்து முதல் நாற்பத்துநான்கு வயது. கட்டார், சவூதி, இலங்கை, எமிரேட்ஸ் என்ற ஒழுங்கில் இருக்கிறார்கள். வீட்டைவிட்டுப் போய், அறையில் தாங்களே சமைப்பவர்கள். ஒரு வீடியோவைச் சராசரி முப்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு லீவு என்பதால் அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு நேரலை செய்வேன். இதற்கு முன் எந்தக் கம்பனியோடும் வேலை செய்ததில்லை. சேர்ந்து வேலை செய்ய விரும்பினால் அழையுங்கள்.’

கீழே வீட்டு முகவரியும் தொலைபேசி இலக்கமும் இருந்தன. மேலே, மகளின் முதல்நன்மைப் பூசைக்கு எடுத்த படத்திலிருந்து வெட்டிய அவள் முகம்.

முதல் மூன்று தாளிலும் தொலைபேசி இலக்கத்தில் ஒரு எண் பிழைத்துவிட்டது. நானா அவற்றைக் கழிவுத்தாள் பெட்டிக்குள் போட்டுவிட்டு, திருத்தி வேறு அடித்துக் கொடுத்தார். கணினியிலிருந்து வவுனியாவுக்கும் அனுப்பினார்கள். கழிவுத்தாளை மாலையில் பக்கத்துச் சிற்றுண்டிக் கடைக்காரன் வந்து அள்ளிக்கொண்டு போவது அங்கே எந்நாளும் நடப்பது. பள்ளிக்கூடச் சோதனைத்தாள், காணி விண்ணப்பம், ஆஸ்பத்திரிப் படிவம் எல்லாவற்றிலும் நாங்கள் வடை தின்றிருக்கிறோம். யாரும் அதை வாசிப்பதில்லை.

புதன்கிழமை காலை பள்ளிமுனைக் கரையில் அதை வாசித்தார்கள்.

படகுகள் வந்து, வலை தட்டிக்கொண்டிருந்த நேரம். றொட்னி வடைப் பொட்டலத்தை விரித்தான். இவன் மார்த்தாவின் மூத்த மகன், டிலுக்சனின் அண்ணன். வாய்க்காரன். எண்ணெய் ஊறின தாளில் தெரிந்த முகத்தைப் பார்த்துவிட்டு, கூட்டத்துக்கு நடுவில் நின்று உரக்க வாசித்தான். எண்பத்தொரு வீதம் ஆண்கள் என்ற இடத்தில் நிறுத்தினான். திரும்பவும் வாசித்தான். சேர்ந்து வேலை செய்ய விரும்பினால் அழையுங்கள் என்ற இடத்தில் குரலை மாற்றினான்.

“அன்ரனி அண்ணை, பேந்து நாங்களெல்லாம் ஆர்? மிச்சப் பத்தொன்பதோ?”

சிரித்தவர்கள் எத்தனை பேர் என்று பிறகு ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. அன்ரனி படகுக்குள் குனிந்து துடுப்பை எடுத்தான். முதல் அடி றொட்னியின் தாடையில் விழுந்தது. உலர்ந்த ஓலை மட்டை முறிகிற சத்தம் கேட்டது. இரண்டாவது தோளில். மூன்றாவதற்குள் நாலு பேர் பிடித்துவிட்டார்கள். றொட்னி மணலில் முழங்காலில் இருந்து, வாயிலிருந்து ஒழுகிய இரத்தத்தைக் கையில் ஏந்தி, அதற்குள் பல் இருக்கிறதா என்று தேடினான். இரண்டு இருந்தன. அன்ரனி பிடித்தவர்களை உதறிவிட்டு, அந்தத் தாளை எடுத்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தான்.

யசிந்தா கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். படலை திறந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. அந்தப் படலை எப்படித் திறக்கிறது என்பதை வைத்தே வருவது என்னவென்று அவளுக்குத் தெரியும். அன்று அது தகரத்தோடு போய் அடித்தது.

அவன் ஒன்றும் கேட்கவில்லை. மயிரைப் பிடித்து இழுத்து, கிணற்றுக் கட்டில் முகத்தை மோதினான். பிறகு தாளை விரித்து அவள் கண்ணுக்கு முன்னால் பிடித்து, வாசி என்றான். அவள் இரத்தம் வழிந்த வாயோடு வாசித்தாள். அந்த வரி வந்ததும் அடித்தான். திரும்பவும் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னான். மூன்று தரம் அப்படி. பிறகு மீன் வெட்டும் கல்லின் மேல் அவள் வலது கையை வைத்து, அம்மிக் குழவியால் குத்தினான். நடுவிரலும் மோதிர விரலும் நொறுங்கின. போனை அதே கல்லில் போட்டு அதையும் குத்தினான்.

“இனி இந்த வளவுக்குள்ள ஒரு வீடியோ எடுத்தியோ, கையை மணிக்கட்டோட எடுப்பன். விளங்குதோ?”

மார்த்தாதான் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பக்கத்துக் கட்டிலில் மார்த்தாவின் சொந்த மகன் தாடை கட்டிக் கிடந்தான். எப்படி நடந்தது என்று டொக்டர் கேட்டதற்கு, கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று யசிந்தா சொன்னாள். ஒருதரம் விழுந்ததில் இரண்டு விரலும் எப்படி இப்படி நொறுங்கின என்று அவர் கேட்டார். அவள் திரும்பவும் அதையே சொன்னாள். டொக்டர் எழுதிக்கொண்டார், வேறு எதையோ சேர்த்தும் எழுதினார்.

அன்றிரவு யசிந்தா வீடு வந்தபோது, மதுஷிகா கல்லில் கிடந்த போன் துண்டுகளைப் பொறுக்கி, சிம்மை எடுத்து ஒரு தீப்பெட்டிக்குள் வைத்திருந்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அழவில்லை.

வியாழன் காலை வஸீர் நானா வந்தார். வடைக் கதை பட்டினம் வரை போயிருந்தது. கழிவுத்தாளைக் கிழிக்காமல் போட்டது தன்னுடைய பிழை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தன்னிடம் கிடந்த ஒரு பழைய போனைக் கொண்டுவந்திருந்தார். சிம்மைப் போட்டதும் பக்கத்தைத் திறப்பதற்கான இலக்கம் வந்தது. கூடவே லக்சிகாவின் செய்தியும் வந்தது: ஏழு பேரில் இரண்டு பேர் மிச்சம். நாளைய நேரலையை முதலாளியும் சேர்ந்து பார்ப்பார். கிட்டில் எழுதியதுபோல் நடக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

அன்று பின்னேரம் கோவில் சபையிலிருந்து இரண்டு பேர் வந்து சமாதானம் பேசினார்கள். பக்கத்தை மூட வேண்டாம், அந்த ஒரு வரியை மட்டும் பெண்கள் என்று மாற்றி நாலு பேருக்குக் காட்டினால் அன்ரனி அடங்கிவிடுவான் என்றார்கள். கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் அவளுடைய கையைப் பற்றிக் கேட்கவில்லை.

அன்றிரவு கட்டாரிலிருந்து அழைத்த கொன்ஸ்ரன்ரைனும் அதையேதான் சொன்னான். “அந்த வரியை எடுத்துவிடன். இஞ்ச பெடியளும் சிரிக்கிறாங்கள். எனக்கு முகம் குடுக்கேலாமல் கிடக்கு.”

“நீங்களும் அந்த எண்பத்தொண்டுக்குள்ளதானே?” என்று யசிந்தா கேட்டாள். “நண்டு உடைக்கத் தெரியாதெண்டு கேட்டது நீங்கள்தானே?”

 அதோடு லைன் அறுந்ததோ, அவன் வைத்தானோ தெரியாது.

வெள்ளிக்கிழமை மதுஷிகாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். அன்ரனி கடலுக்குப் போயிருந்தான். காற்று எழும்பாவிட்டால் மத்தியானத்துக்குப் பிறகுதான் வருவான். யசிந்தா குசினிக்குள் மா ரின்னை வைத்து, போனைச் சாத்தினாள். முகத்தின் வீக்கம் வற்றவில்லை. வழக்கம்போல் கைகள் மட்டும் தெரியும்படி பார்த்துக்கொண்டாள். வலது கையில் மாவுக்கட்டு. பன்னிரண்டு மணிக்கு நேரலையைத் தொடங்கி, வணக்கம் சொன்னாள்.

“கையில சின்னக் காயம். அதாலை இண்டைக்கு ஒரு கையால நண்டு உடைக்கிறது எப்படியெண்டு பாப்பம். உங்களிலயும் காயப்பட்டிருக்கிறவை இருப்பீங்கள்.”

நண்டின் முதுகை மாவுக்கட்டால் அழுத்தி, இடது கையால் கத்தியை இறக்கினாள். இரண்டு தரம் வழுக்கியது. நண்டின் கால் மாவுக்கட்டைப் பிறாண்டியது. மூன்றாவது தரம் ஓடு பெயர்ந்தது. அறுநூறு பேர், பிறகு ஆயிரத்து நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன நடந்தது அக்கா, கை என்ன என்ற கேள்விகள் கீழிருந்து மேலே ஓடிக்கொண்டிருந்தன. சட்டியில் வெங்காயம் வதங்கி, தேங்காய்ப்பால் கொதிக்கத் தொடங்கிய நேரத்தில் படலை தகரத்தில் அடித்தது.

காற்று எழும்பியிருந்தது. படகுகள் நேரத்தோடு திரும்பிவிட்டன.

அன்ரனி வாசலை மறைத்துக்கொண்டு நின்றான். கையில் நங்கூரக் கயிற்றின் நுனி. யசிந்தா கத்தியைக் கீழே வைத்தாள். கத்தி கையில் இருந்தால் பிறகு கதை வேறு மாதிரிப் போகும் என்று தனக்குத் தோன்றியதாகச் சொன்னாள்.

“அண்ணை, லைவ் போகுது. கட்டாரில, சவூதியில எல்லாம் பாத்துக்கொண்டிருக்கினம்.”

அவன் போனைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு வீடியோ என்றால் போனுக்குள் கிடக்கிற ஒரு பொருள். புதன்கிழமை ஒன்றைக் கல்லில் வைத்து உடைத்தான். அதோடு எல்லாம் முடிந்தது. இதையும் கடைசியில் உடைத்தால் போயிற்று. முதலில் செய்ய வேண்டியதை முதலில் செய்தான்.

கயிறு அவள் கழுத்தில் விழுந்தது. இரண்டாவது அடிக்கு அவள் அடுப்பின் பக்கம் சாய, சட்டி சரிந்து கொதித்த பால் அவள் காலில் கொட்டியது. அவள் கத்திய கத்தல் தெரு முழுவதும் கேட்டது. அவன் மாவுக்கட்டுப் போட்ட கையைப் பிடித்துப் பின்னால் முறுக்கினான். போன் விழவில்லை. ரின்னில் சாய்ந்தபடி, அடுப்பையும், நண்டு ஓட்டையும், நிலத்தில் இழுபட்ட அவளையும் காட்டிக்கொண்டே இருந்தது. முதல் தடவையாக அந்தப் பக்கத்தில் அவள் முகம் தெரிந்தது.

தோஹாவில் டிலுக்சன் வெங்காயம் வெட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அண்ணனுக்கு அழைத்தான். முதல்நாள் ஆஸ்பத்திரியால் வீடு வந்து, கட்டின தாடையோடு கஞ்சியை உறிஞ்சிக்கொண்டிருந்த றொட்னியால் ‘ஹலோ’ சொல்ல முடியவில்லை. தம்பி சொன்னதைக் கேட்டான். யசிந்தாவின் வளவு வேலிக்கு மேலால் பாய்ந்தான்; தகரம் அவன் தொடையைக் கிழித்தது. அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு வளவுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கும் அப்படித்தான் அழைப்பு வந்திருந்தது: ஒருவனுக்கு ரியாத்திலிருந்து மச்சான், மற்றவனுக்குத் துபாயிலிருந்து மகன். மூன்று வருடம் வேலிக்கு இந்தப்பக்கம் இருந்து கேட்டும் கேளாமல் இருந்தவர்கள் அவர்கள்.

றொட்னி ஒரு வார்த்தை பேசவில்லை, பேசவும் முடியாது. பின்னாலிருந்து அன்ரனியின் கழுத்தைக் கையால் வளைத்து இறுக்கி, அவனோடு சேர்ந்து விழுந்தான். அன்ரனி முழங்கையால் கட்டின தாடையில் குத்தினான். றொட்னியின் கண்ணால் தண்ணீர் ஓடியது, பிடியை விடவில்லை. மற்றவர்கள் காலைப் பிடித்தார்கள். ஒருவன் விறகுக் கட்டையை எடுத்து அன்ரனியின் முழங்காலில் இறக்கினான். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று. யசிந்தா வேண்டாம் என்று சொல்லும்வரை அவன் நிறுத்தவில்லை. அவள் உடனே சொல்லவில்லை. அதையும் அவளே என்னிடம் சொன்னாள்.

பொலிஸ் அவர்கள் நினைத்ததைவிட வேகமாக வந்தது. வவுனியாவில் பார்த்துக்கொண்டிருந்த லக்சிகா 119க்கு அழைத்திருந்தாள். எந்த இடம் என்று கேட்டபோது அவள் மேசையில் கிடந்த கிட்டைப் பார்த்து முகவரியை வாசித்தாள்.

இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் யசிந்தா, வழுக்கி விழுந்தேன் என்று சொல்லவில்லை. புதன்கிழமை டொக்டர் சேர்த்து எழுதியது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது: ‘விழுந்ததால் ஏற்பட்ட காயம்போல் இல்லை.’ முறைப்பாட்டில் அதுவும் சேர்ந்தது. அன்ரனியைத் தடியோடு நொண்ட நொண்ட நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய், விளக்கமறியலில் வைத்தார்கள்.

கொன்ஸ்ரன்ரைன் இரண்டு நாள் அழைக்கவில்லை. மூன்றாம் நாள் அழைத்து, தான் அப்போது நித்திரை என்றான். பிறகு, இல்லை, பார்த்தனான், என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை என்றான். யசிந்தா இரண்டையும் கேட்டுக்கொண்டாள்.

ஒரு கிழமை கழித்து லக்சிகா அழைத்தாள். முதலாளி இன்னும் முடிவெடுக்கவில்லையாம். அந்த நேரலையை வெட்டி வெட்டி எல்லோரும் பகிர்ந்ததில் பக்கத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். புதிதாக வந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆண்கள் எண்பத்தொன்றிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டது. கம்பனிக்கு வேண்டியது அறையில் சமைக்கும் ஆண்கள்.

“பழைய கிட்டே முதலாளிட்ட கிடக்கட்டும் அக்கா. அதைத்தான் அவருக்குப் பிடிச்சது. நான் ஒண்டும் சொல்லமாட்டன்.”

யசிந்தா யோசித்தாள். பிறகு வஸீர் நானாவிடம் போய்ப் புதிதாக ஒன்று அடிப்பித்தாள். அதில் ஆண்கள் ஐம்பத்தெட்டு வீதம் என்று இருந்தது. அதற்குக் கீழே இரண்டு வரி சேர்த்தாள்: ‘கடந்த கிழமை வந்தவர்கள் சமையல் பார்க்க வந்தவர்கள் அல்ல. என்னை அடிப்பதைப் பார்க்க வந்தவர்கள். அவர்கள் நிற்பார்களோ தெரியாது. அவர்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.’

பிழைத்த தாள் இரண்டு இருந்தன. நானா அவற்றை அவளுக்கு முன்னாலேயே கிழித்தார். அவள் இன்னும் சிறிதாகக் கிழித்தாள்.

மூன்று வீடியோவுக்கு மட்டும், பார்த்துவிட்டு மற்றதைச் சொல்கிறோம் என்று கம்பனி எழுதியது. அவள் எதிர்பார்த்தது ஒரு வருடத்துக்கு. சம்மதித்தாள்.

பிணையில் வந்த அன்ரனி இப்போது பக்கத்து வளவில்தான் இருக்கிறான். அவளுக்குக் கிட்டப் போகக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு முழங்கால் மடங்காது. படலையைக் கழற்றி, அந்த இடத்தில் றொட்னி தகரம் அடித்துக் கொடுத்தான். அதற்கு அப்பால் அன்ரனி நடக்கிற சத்தம், ஒரு கால் இழுபடுகிற சத்தம், குசினிக்குள் கேட்கும். யசிந்தா போனை மா ரின்னில் சாத்தி வைக்கும்போது முதலில் அதைத்தான் கேட்பாள். அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்த பிறகு தொடங்குவாள்.

மோதிர விரல் நேராக வரவில்லை. நண்டைப் பிடிக்கும்போது அது மட்டும் தனியாக மேலே நிற்கும். என்ன நடந்தது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். முதல் தழும்பைப்போல் இதையும் மீன் முள் என்று அவள் விட்டுவிடவில்லை. அண்ணன் அடித்தது என்று எழுதிவிட்டு, அடுத்த நண்டை எடுக்கிறாள்.